மஞ்சள் தடவிய மடலுக்கு மறுமொழி

கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களுக்குத் திருமண அழைப்பிதழ் என்பது அச்சிட்ட தாள் மட்டுமன்று. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்த உறை சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கடலில் மிதந்து போர்ட் பிளேரை அடைந்த காலத்தில், ஊரின் மண்ணே உறைக்குள் மடித்து வந்ததுபோல் நாம் அதனை எடுத்து முகர்ந்து பார்த்ததுண்டு. எவர் வீட்டுத் திருமணமாயினும் மகிழ்ச்சி ஒன்றே அதன் பொருள் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், பிரித்துப் படித்தவுடன் ஒருவருடைய கை நடுங்கும்படியான அழைப்பிதழும் உண்டு. ஒருகாலத்தில் நம் வாழ்க்கைத் துணையாக வருவார் என்று எண்ணியிருந்தவர், பிறிதொருவரை மணக்கப்போகிறார் என்னும் செய்தியைத் தாங்கி வரும் மடல் அது.

அத்தகைய மடல் ஒன்றினைக் கையில் ஏந்தி, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் எம்மிடம் வந்தார். தீவில் பிறந்தவர், கல்லூரிப் படிப்புக்காகத் தாய்த் தமிழகம் சென்றவர். அங்கே உடன் பயின்ற பெண் ஒருவரும் அவரும் ஒருவரையொருவர் விரும்பினர். படிப்பு முடிந்தது, இவர் தீவுக்குத் திரும்பிப் பணியில் அமர்ந்தார். கடல் தாண்டிப் பெண்ணை அனுப்ப அவ்வீட்டார் இசையவில்லை. முதுமையுற்ற பெற்றோரை விட்டுச் செல்ல இவரும் இசையவில்லை. அப்பெண் கடைசியாக எழுதிய கடிதத்திற்கு இவர் விடை எழுதவில்லை. ஈராண்டு கழித்து வந்ததே இந்த அழைப்பிதழ். உள்ளே தனிக் கடிதம் ஏதுமில்லை. உறையின்மேல் முகவரி மட்டும் அப்பெண்ணின் கையெழுத்தில் இருந்தது. “இதற்கு நான் மறுமொழி எழுத வேண்டுமா, ஐயா? வேண்டுமெனில் என்ன எழுதுவது?” என்று அவர் கேட்டார். சிறிய வினாக்களே. ஆயினும், அவற்றுக்கு விடை காண எமக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்பட்டது. அன்று சிந்தித்தவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

மறுமொழியைப் பற்றி எண்ணுமுன், வந்திருப்பது என்ன என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம் மரபில் திருமணத்திற்கு அழைப்பவர் மணமக்கள் அல்லர், அவர்தம் பெற்றோர். அழைப்பிதழின் அடியில் கையொப்பமாக நிற்பது அவர்கள் பெயரே. ஆகவே அச்சிட்ட வாசகத்தில் தனிப்பொருள் எதையும் தேடுதல் வீண். தனிப்பொருள் ஏதேனும் இருப்பின் அது உறையின்மேல்தான் இருக்கும். முகவரியை எழுதியவர் யார்? மடல் அவருக்கெனத் தனியே வந்ததா, அன்றிக் குடும்பத்தாருக்கு வந்ததா? இவ்விரண்டையும் பார்த்தால், வந்தது பட்டியலின்படி அனுப்பப்பட்டதா, எண்ணி அனுப்பப்பட்டதா என்பது விளங்கிவிடும்.

எண்ணி அனுப்பியிருந்தால் என்ன எண்ணத்துடன்? இவ்விடத்தில்தான் துன்புற்ற மனம் தடுமாறுகிறது. “வந்து என்னைத் தடுத்துவிடு” என்று அழைக்கிறாளோ என ஒரு கணம் எண்ணுகிறது. “நீயின்றியும் நான் வாழ்வேன் பார்” என்று இடித்துரைக்கிறாளோ என அடுத்த கணம் எண்ணுகிறது. அவ்விளைஞர் இரண்டையும் எண்ணியிருந்தார்.

அழைப்புக்குள் வேறொரு அழைப்பு மறைந்திருந்த கதை நம் இலக்கியத்தில் இல்லாமல் இல்லை. புகழேந்திப் புலவரின் நளவெண்பா வாயிலாகத் தமிழர் நெஞ்சில் இடம்பெற்ற நளன் கதையை நினைவுகூர்வோம். கானகத்தில் தன்னைவிட்டு அகன்ற கணவனைத் தேடும் தமயந்தி, தனக்கு இரண்டாம் சுயம்வரம் என்று அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குச் செய்தி அனுப்புகிறாள். அம்மன்னனிடம் உருமாறித் தேரோட்டியாய் வாழும் வாகுகனே நளன் என்பது அவளுடைய ஐயம். அத்துணைத் தொலைவை அத்துணை விரைவில் கடக்கத் தேர் செலுத்த வல்லவன் நளன் ஒருவனே. ஆகையால், குறுகிய காலக்கெடுதான் அச்செய்தியின் உட்பொருள். தன் மனைவியின் மறுமணத்திற்குப் பிறிதொருவனைத் தானே தேரேற்றிச் செல்கின்ற நளனின் நிலையைவிடக் கொடிய நிலை வேறில்லை. எனினும் அவன் போனான். போனதால் பிரிந்தவர் கூடினர்.

இக்கதையைக் காட்டித் தமக்கும் அவ்வாறே ஓர் உட்பொருள் இருக்கக்கூடும் என்று எண்ணுவார் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தமயந்தியின் சுயம்வரத்தில் மணமகன் இல்லை. அது நடவாத திருமணம். தேடும் பொருட்டுக் கட்டிய ஓர் உத்தி. மேலும், அவள் நளனின் மனைவியாகவே இருந்தாள். அவனைத் தேடும் உரிமை அவளுக்கு இருந்தது. இளைஞர் கொண்டுவந்த மடலிலோ மணமகன் பெயர் அச்சாகியிருந்தது. அவனுடைய பெற்றோர் பெயர், ஊர், முகூர்த்த நேரம் அனைத்தும் இருந்தன. பெயருடைய ஒரு மனிதன் அந்நாளை எதிர்நோக்கிக் காத்திருக்கிறான். அவனை இல்லாதவனாக எண்ணிக்கொண்டு படிக்கும் எந்தப் பொருளும் தவறான பொருளே ஆகும். எனவே மறைபொருள் தேடாது, உறையின்மேல் உள்ள கையெழுத்துக்கு மிக எளிய பொருளைக் கொள்வதே முறை: “இச்செய்தி பிறர் வாயிலாக உனக்கு வருதல் வேண்டா, நானே அறிவிக்கிறேன்.” இதில் அழைப்பும் இல்லை, இடித்துரையும் இல்லை. ஒரு மரியாதை இருக்கிறது. மரியாதைக்கு ஈடு மரியாதையே.

இனி, மறுமொழி கடமையா என்னும் வினாவிற்கு வருவோம். எல்லோர்க்கும் எப்போதும் கடமை என்று கூறுதல் இயலாது. அடித்தும் அச்சுறுத்தியும் வஞ்சித்தும் ஒருவரை விரட்டியவர், பின்னர் அழைப்பிதழ் அனுப்பினால் அதற்கு விடை எழுதவேண்டிய கடன் எவருக்கும் இல்லை. “இனி எனக்கு எழுதாதே” என்று ஒருமுறை சொல்லப்பட்டிருந்தும் அனுப்பப்பட்ட மடல், மடலே அன்று, அத்துமீறல். அங்கே மௌனம் பண்பின்மை ஆகாது, தற்காப்பு ஆகும். மடலைப் பெற்றவர் தாமே மணமானவராயின், விடை எழுதுமுன் தம் துணைவரிடம் அதனைக் காட்டுதல் முதற்கடமை. காட்ட மனம் இசையவில்லையெனில், எழுத நினைப்பதில் ஏதோ பிழை இருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

ஆனால் எவர் குற்றமும் இன்றி நேர்ந்த பிரிவுகளும் உண்டு. நம் தீவுக்கூட்டம் அவற்றை நன்கு அறியும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாயகம் திரும்பியோரில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஒரே குடும்பத்தில் சிலர் அக்கரையிலும் சிலர் இக்கரையிலுமாக நின்ற அந்நாளில், மனத்தால் ஒன்றியிருந்து குடியுரிமைத் தாளால் பிரிந்த இளையோர் எத்தனை பேர் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. அத்தகைய பிரிவில், அக்கரையில் ஒருவருக்கு மணம் என்ற செய்தி வரும்போது இக்கரையில் இருப்பவர் வாழ்த்தாமல் இருத்தற்குக் காரணம் யாது? பழிக்க எவருமில்லாத இடத்தில் மௌனம் மட்டும் ஒரு பழிபோல் ஒலிக்கும்.

எம்மிடம் வந்த இளைஞரின் நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பிரிவில் பெரிய குற்றமில்லை. ஆனால் அவர் பக்கம் ஒரு சிறு குற்றம் இருந்தது. கடைசிக் கடிதத்திற்கு விடை தராத குற்றம் அது. ஒருமுறை மௌனம் காத்தவர் மீண்டும் மௌனம் காத்தால், முதல் மௌனத்தின் பொருளும் கெட்டுவிடும். அன்று துயரத்தால் எழுதவில்லை என்று அப்பெண் கருதியிருக்கலாம். இன்றும் எழுதாவிடின், என்றுமே மதிக்கவில்லை என்று கருத நேரும். ஆகவே அவர் எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

எழுதுவது எவ்வாறு? இங்கே நமக்குச் சிலப்பதிகாரம் துணைவருகிறது. பிரிந்துபோன கோவலனுக்கு மாதவி இருமுறை மடல் எழுதுகிறாள். முதல் மடல் இளவேனிற் பொழுதில் தாழையின் வெண்தோட்டில் எழுதப்பட்டது. வசந்தமாலை அதனைக் கூல வீதியில் கோவலனிடம் நீட்ட, அவன் வாங்க மறுத்தான். காமத்தின் வேகத்தையும் தன் ஏக்கத்தையும் பேசிய மடல் அது. இரண்டாம் மடல் வேறு. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் அதனைக் கொண்டுவருகிறான். முத்திரையில் படிந்திருந்த கூந்தல் மணமே எழுதியவர் யார் என்பதைக் கோவலனுக்குச் சொல்லிவிடுகிறது. பிரித்துப் படிக்கிறான். தன் பிழை யாதென அறியாத நிலையிலும் பொறுத்தருள வேண்டுகிறாள் மாதவி. பெற்றோரைப் பேணாமல் குலமகளோடு இரவில் வெளியேறிய காரணத்தை அறியாது உள்ளம் கலங்குவதாகச் சொல்கிறாள். படித்து முடித்த கோவலன், தீது அவளதன்று, தனதே என்று தெளிகிறான். அதன்பின் அவன் செய்வதுதான் நம் சிந்தனைக்கு உரியது. அந்த மடலின் வாசகம் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களிடம் கொடுக்குமாறு கோசிகன் கையில் திருப்பித் தருகிறான்.

காதலனுக்கு எழுதிய ஓர் ஓலை, ஒரு சொல்லும் மாற்றாமல் அவனுடைய தாய்தந்தையர் கையில் கொடுக்கத்தக்கதாய் இருந்தது! பிரிந்தவருக்கு எழுதும் மடலுக்கு இதனினும் சிறந்த அளவுகோலை யாம் காணவில்லை. முதல் மடல் ஒருவர் கண்ணுக்கு மட்டும் உரியது, அது திரும்பியது. இரண்டாம் மடல் எவர் கண்ணுக்கும் அஞ்சாதது. அது சென்று சேர்ந்தது. திருமண அழைப்புக்கு எழுதும் விடையும் அவ்வாறே, மணமகன் படித்தாலும் மாமியார் படித்தாலும் அப்பெண் ஒரு சொல்லுக்கும் விளக்கம் கூற வேண்டாத மடலாய் இருத்தல் வேண்டும். தன் பழைய நட்பைக் கணவரிடம் அவர் சொல்லியிருக்கிறாரா என்பது நமக்குத் தெரியாது. சொல்வதும் சொல்லாமையும் அவருடைய உரிமை. நம் மடல் அவ்வுரிமையைப் பறித்தல் ஆகாது.

இளைஞர் ஒரு வரைவு எழுதி வைத்திருந்தார். பதினோரு வரிகள். அதில் முதற்சொல்லே இடர்ப்பட்டது. “நீ” என்று தொடங்கியிருந்தார். அது பழைய உரிமையின் சொல். “தங்கள்” என்று மாற்றினால் ஊடலோ ஏளனமோ எனத் தோன்றும் அளவுக்கு அது அயன்மைப்படுகிறது. இதற்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. மணமக்கள் இருவரையும் விளித்து எழுதினால் “நீங்கள்” என்பது பன்மையாகவும் நிற்கும், மரியாதையாகவும் நிற்கும். நெருக்கமும் அயன்மையும் அதில் தெரியா. அதனோடு மணமகனும் மடலுக்குள் இடம்பெற்றுவிடுகிறார்.

அடுத்து, “மறக்க இயலாத”, “என்றும்” ஆகிய சொற்களை நீக்கினோம். அவை வாழ்த்து அல்ல; நினைவூட்டல். கல்லூரி நாட்களைப் பற்றிய இரண்டு வரிகளும் போயின. பிறகு வந்தது மன்னிப்பு. கடைசிக் கடிதத்திற்கு விடை எழுதாமைக்கு வருந்துவதாக மூன்று வரிகள் இருந்தன. இதை நீக்க இளைஞர் இசையவில்லை. “இப்போதும் சொல்லாவிட்டால் எப்போது சொல்வேன்?” என்றார். நேர்மையான வினா. கோவலன்கூடத் தன் பிழையை உள்ளத்தில் உணர்ந்தானேயன்றி மாதவிக்கு ஒரு மறுமடல் எழுதவில்லை. மாதவியின் பக்கம் நின்று பார்த்தால், அது அவளுக்கு இழைத்த குறைதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆயினும் நாம் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். மாதவி விடைக்காகக் காத்திருந்தவள். இப்பெண்ணோ மணமேடைக்குச் செல்பவர். மன்னிப்பு வேண்டுதல் என்பது கேட்பவரிடம் ஒரு வேலையைச் சுமத்துகிறது. அவர் பழையதை எண்ணிப் பார்க்க வேண்டும். பொறுப்பதா மறுப்பதா என முடிவு செய்ய வேண்டும். ஒருவேளை விடையும் எழுத வேண்டும். மணநாளுக்குச் சில நாட்களே இருக்கையில் இச்சுமையை ஏற்றுவது எவருடைய நெஞ்சை இலேசாக்க? நம் நெஞ்சையே. ஈராண்டு காலம் சொல்ல வாய்ப்பிருந்தும் சொல்லாத சொல்லை, அவருடைய நாளில் சொல்லி நாம் விடுதலை பெறுதல் தகாது. சொல்லாமல் சுமப்பதுதான் காலந்தாழ்த்தியதற்கு நாம் தரும் விலை. இதைக் கூறியபோது இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் அம்மூன்று வரிகளையும் தம் கையாலேயே அடித்தார்.

எஞ்சியது வராமைக்குக் காரணம். “கப்பல் கிடைக்கவில்லை” என்று எழுதியிருந்தார். தீவில் வாழ்வோர்க்குக் கடல் ஒரு பெரிய சாக்கு. ஊரில் நேரும் நன்மை தீமை எத்தனைக்கோ அதனை நாம் காட்டியிருக்கிறோம். பல வேளைகளில் அது மெய்யாகவும் இருந்தது. ஆனால் சென்னைக்கு விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணிநேரத்தில் போய்விடலாம் என்பதை அப்பெண் அறிவார். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்தபின், இன்று அழைப்பிதழின் படம் கைப்பேசிக்கு நொடியில் வந்துவிடுகிறது. மடல் கிடைக்கவில்லை என்பதும் இனிச் செல்லாது.

பிறர்க்குத் தீங்கு விளைக்காததே வாய்மை என்று வள்ளுவர் வகுத்தாரே, இச்சிறு பொய்யால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். தீங்கு பெரிதில்லைதான். ஆனால் குற்றமற்ற நன்மை விளையும் இடத்தில்தான் பொய்க்கும் அவர் இடம் தந்தார். இங்கே விளையும் நன்மை யாது? பொய்க்காரணத்திற்கு இன்னொரு குறையும் உண்டு. அதைத் தீர்த்துவைக்க முடியும். கப்பல் இல்லையென்றால், “அடுத்த கப்பலில் வந்து விருந்துண்டு செல்க” என்று அவ்வீட்டார் அன்போடு எழுதுவர். அதற்கு மற்றொரு பொய் வேண்டும். “வர இயலவில்லை” என்று நிறுத்திக்கொண்டால் எவரும் அதைத் தீர்க்க முயலார். அது பொய்யும் அன்று. இயலாமை காலுக்கு மட்டும் உரியதன்று, மனத்துக்கும் உரியது.

மணமக்களும் நாமும் ஒரே தீவில் வாழ்வதாயின் நிலை சற்று வேறுபடும். அபர்தீன் கடைத்தெருவிலோ பங்குனி உத்திரத்திலோ எதிர்ப்படாமல் இருக்க இயலாத சிறிய ஊர் இது. வராமையே அங்கே பேச்சாகிவிடும். அப்போது குடும்பத்தாரோடு கூட்டத்தில் ஒருவராய்ச் சென்று, வாழ்த்தி, விரைவில் திரும்புதல் நன்று. தனியே செல்லுதலும் கடைசிவரை இருத்தலும் வேண்டா.

மொய்யைப் பற்றியும் இளைஞர் கேட்டார். வேண்டா என்றோம். மொய் என்பது பரிசு அன்று. ஏட்டில் பெயரோடு எழுதப்பட்டு, நம் வீட்டு விழாவில் திரும்பி வரவேண்டிய கடன். அப்பெண்ணின் புதுக்குடும்பத்தின் மொய் ஏட்டில் இவர் பெயர் ஏறினால், என்றேனும் ஒருநாள் இவர் யார் என்ற வினா எழும். வாழ்த்துக்குக் கணக்கில்லை, அது திரும்பி வரவேண்டியதில்லை.

முன்னாளில் இத்தனை சிந்தனைக்கும் இடமின்றி அஞ்சலகம் ஓர் உதவி செய்துவந்தது. வாழ்த்துத் தந்திக்கென்று ஆயத்த வாசகங்கள் எண்ணிட்டு வைக்கப்பட்டிருந்தன. எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும். எல்லோர்க்கும் செல்லும் அதே வாசகம் செல்லும். உயிரற்ற வாசகம் என்று நாம் அதனை நகைத்ததுண்டு. 2013 ஜூலையில் தந்திப் பணி நிறுத்தப்பட்ட பிறகுதான், அந்தப் பொதுச்சொல்லில் இருந்த கருணை விளங்குகிறது. சொந்தச் சொல் காயப்படுத்தக்கூடிய இடத்தில், எல்லோருக்கும் உரிய சொல்லே பாதுகாப்பானது.

முடிவில் பதினோரு வரிகள் நான்காயின:

“மணமக்கள் இருவருக்கும் வணக்கம். அழைப்பிதழ் கிடைத்தது; நினைவுகொண்டு அனுப்பியமைக்கு நன்றி. திருமணத்திற்கு வர இயலவில்லை. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ வாழ்த்துகிறேன்.”

கீழே பெயரும் ஊரும். மணநாளன்று சென்று சேராமல், முன்னதாகவே சேரும்படி மறுநாளே அஞ்சலில் இடச் சொன்னோம். மணநாள் காலையில் வரும் எந்தக் கடிதமும், எத்துணை எளியதாயினும், எடை கூடிவிடும்.

இளைஞர் அம்மடலைப் படித்துப் பார்த்து, “இதில் நான் எங்கே இருக்கிறேன், ஐயா?” என்று கேட்டார். அவர் வருத்தம் நியாயமானதே. அவர் இருந்தது அடிக்கப்பட்ட ஏழு வரிகளில். அந்தத் தாளை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடைபெற்றார். அனுப்பிய மடலுக்கு விடை ஏதும் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லாதபடிதான் அது எழுதப்பட்டிருந்தது.